டேங்க் நிற்கும் இடத்தில்தான் உச்சமா? எளிமையாகத் தாங்கப்பட்ட பீமுக்கு கொய்வு விசை, வளைவுத் திருப்ப வரைபடங்களை வரையும் முழு வழிமுறை

கல்முனைப் பக்கம் ஸ்லாப் போட்ட வீடுகளில் இப்போது ஒரு காட்சி வழக்கமாகிவிட்டது. கிணற்றுத் தண்ணீரை மோட்டர் போட்டு மேலே ஏற்றுவதற்கு 1000 லீற்றர் கறுப்பு டேங்க் ஒன்று ஸ்லாபின் ஓரத்தில் நிற்கும். பெரும்பாலும் நடுவில் வைக்கமாட்டார்கள். குழாய் இறக்க வசதியாகக் குளியலறைக்கு நேர்மேலே, அதாவது சுவருக்குக் கிட்ட வைப்பார்கள். அதற்குக் கீழே ஒரு பீம் ஓடும்.

எந்திரவியல் படிக்க வரும் பிள்ளைகளிடம் இந்த வீட்டைப் படமாகக் கீறிக் காட்டி, "இந்த பீம் எந்த இடத்தில் கூடுதலாக வளையப் பார்க்கும்?" என்று கேட்பேன். "டேங்குக்குக் கீழதான் சேர்" என்ற பதில் உடனே வரும். கொஞ்சம் யோசிக்கும் பிள்ளை "நடுவில" என்று சொல்லும். இந்த பீமுக்கு இரண்டுமே பிழை. உச்சம் அந்த இரண்டு இடத்துக்கும் இடையில் இருக்கிறது. அது எங்கே என்பதைக் கொய்வு விசை வரைபடம்தான் காட்டித் தரும். அதனால் இந்த ஒரு பீமையே எடுத்து, முதல் கோட்டிலிருந்து கடைசிச் சரிபார்ப்பு வரை செய்து பார்ப்போம்.

இரண்டு சொற்கள்

வகுப்பில் ஷியர் போஸ், பெண்டிங் மோமென்ட் என்றுதான் சொல்லுகிறோம். தமிழில் கொய்வு விசை, வளைவுத் திருப்பம். இந்தியப் புத்தகங்களைப் பார்ப்பவர்கள் வெட்டுவிசை, திருப்புத்திறன் என்ற சொற்களைக் காண்பீர்கள். பொருள் ஒன்றேதான்.

கொய்வு என்றால் என்ன என்று தெரிய வீட்டிலிருக்கும் பாக்குவெட்டியைப் பாருங்கள். மேல் அலகு கீழே இறங்குகிறது, கீழ் அலகு அசையாமல் எதிர்த்து நிற்கிறது, பாக்கு அந்த இடத்தில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இரண்டாக வழுகுகிறது. பீமை ஓரிடத்தில் கற்பனையாக அறுத்தால், இடப்பக்கத் துண்டு வலப்பக்கத் துண்டைக் கடந்து மேலேயோ கீழேயோ வழுகப் பார்க்கும் அல்லவா, அதைத் தடுக்க அந்த வெட்டுமுகத்தில் தேவைப்படும் விசைதான் கொய்வு விசை.

வளைவுத் திருப்பத்துக்கு வயல் வாய்க்காலில் போட்ட தென்னங்குற்றியை நினையுங்கள். ஆள் நடக்கும்போது குற்றி தொய்கிறது. மேல்பக்கம் நெருங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. ஓரிடத்தில் அந்தத் தொய்வை எதிர்த்து வெட்டுமுகம் கொடுக்கும் திருப்பமே வளைவுத் திருப்பம்.

குறி வழக்கை முதலே முடிவு செய்து தாளின் மேலே எழுதிவிடுங்கள். நான் எடுப்பது இது: வெட்டுக்கு இடப்பக்கத்தில் உள்ள விசைகளின் கூட்டல் மேல்நோக்கி வந்தால் கொய்வு விசை நேர், பீம் தொய்ந்தால், அதாவது கீழ்ப்பக்கம் இழுபட்டால், திருப்பம் நேர். சில ஆசிரியர்கள் திருப்ப வரைபடத்தை இழுபடும் பக்கத்தில், அதாவது கோட்டுக்குக் கீழே வரைவார்கள். அதுவும் சரிதான். ஆனால் ஒரே விடையில் இரண்டு வழக்கையும் கலந்தால் புள்ளி போவது மட்டுமல்ல, கம்பி எந்தப் பக்கம் என்பதே மாறிவிடும்.

முதல் படி: வீட்டைக் கோடாக்குவது

நமது பீம் 6 மீற்றர் நீளம், தாங்கியின் மையத்திலிருந்து மற்றத் தாங்கியின் மையம் வரை. சுவருக்குச் சுவர் உள்ளே அளந்த நீளத்தை எழுதக்கூடாது. இடது முனை A, வலது முனை B. ஒரு முனையைப் பிணைச்சலாகவும் மற்றதை உருளையாகவும் எடுக்கிறோம். இரண்டு முனையும் நிலைக்குத்தாக மேலே தள்ளலாம், ஆனால் பீமின் முனை சுழல்வதைத் தடுக்காது. "எளிமையாகத் தாங்கப்பட்ட" என்பதன் முழு அர்த்தமும் இந்தக் கடைசி வரியில் இருக்கிறது. முனை சுழலத் தடையில்லாததால் A இலும் B இலும் வளைவுத் திருப்பம் பூச்சியம். வரைபடம் முடிந்ததும் இதையே சரிபார்ப்பாகப் பயன்படுத்துவோம்.

சுமைகள் இரண்டு. முதலாவது சீராகப் பரவியது. கொங்கிறீட் ஒரு கனமீற்றர் ஏறத்தாழ 24 கிலோநியூற்றன் நிறை. 5 அங்குல ஸ்லாப் என்றால் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 3, அதன்மேல் ஆட்கள் நடமாட 1.5, ஆக 4.5 கிலோநியூற்றன். இந்த பீம் 1.4 மீற்றர் அகல ஸ்லாபைச் சுமக்கிறது என்று வைத்தால் மீற்றருக்கு 6.3. ஸ்லாபுக்குக் கீழே 9 அங்குல அகலமும் 12 அங்குல ஆழமும் கொண்ட பீமின் சொந்த நிறை மீற்றருக்கு ஏறத்தாழ 1.7. கூட்டினால் 8 வரும்.

இரண்டாவது டேங்க். 1000 லீற்றர் தண்ணீர் 1000 கிலோகிராம், அதாவது 10 கிலோநியூற்றனுக்கு மிகக் கிட்ட. டேங்கும் அதன் கீழே கட்டிய மேடையும் சேர்ந்து 2 என்று வைத்தால் மொத்தம் 12 கிலோநியூற்றன். A இலிருந்து 1.5 மீற்றரில் அது ஒரு புள்ளிச் சுமையாக நிற்கிறது.

இவை சுமையின் உண்மை அளவுகள். கட்டடம் வடிவமைக்கும் பொறியியலாளர் இவற்றைப் பாதுகாப்புக் காரணியால் பெருக்கித்தான் கம்பி கணிப்பார். வரைபடம் வரையும் முறை அதனால் மாறாது.

இரண்டாம் படி: மறுதாக்கங்கள்

பரவிய சுமையின் மொத்தம் 8 × 6 = 48 கிலோநியூற்றன். மறுதாக்கம் காண்பதற்கு மட்டும் இதை நடுவில், அதாவது 3 மீற்றரில், ஒரே விசையாக வைக்கலாம். "மட்டும்" என்ற சொல்லை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு அதற்குத் திரும்பி வருகிறேன்.

தாங்கிகள் பீமை மேலே தள்ளும் விசைகளே மறுதாக்கங்கள்; A இல் இருப்பதை RA என்றும் B இல் இருப்பதை RB என்றும் எழுதுவோம். A பற்றித் திருப்பம் எடுத்தால்:

```
RB × 6 = 48 × 3 + 12 × 1.5 = 162
RB = 27 kN
```

இங்கே பெரும்பாலான பிள்ளைகள் மொத்தச் சுமை 60 இலிருந்து 27 ஐக் கழித்து RA = 33 என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். விடை சரிதான். ஆனால் RB பிழையாக இருந்தால் RA உம் அதோடு சேர்ந்து பிழைக்கும், கூட்டுத்தொகை மட்டும் அழகாக 60 வந்து உங்களை ஏமாற்றும். அதனால் RA ஐத் தனியாக B பற்றிக் காணுங்கள்:

```
RA × 6 = 48 × 3 + 12 × 4.5 = 198
RA = 33 kN
```

இப்போது 33 + 27 = 60. இரண்டு தனித்தனி வழிகள் ஒரே இடத்தில் சந்தித்திருக்கின்றன. இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம் போதும். மறுதாக்கம் பிழைத்தால் பின்னால் வரும் ஒவ்வொரு எண்ணும் பிழைக்கும் என்பதால் அந்த அரை நிமிடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

எண்ணைக் கண்ணாலும் பாருங்கள். டேங்க் A க்குக் கிட்ட நிற்கிறது, ஆகவே A கூடுதலாகத் தாங்க வேண்டும். 33 பெரிது, 27 சிறிது. பொருந்துகிறது.

மூன்றாம் படி: கொய்வு விசை வரைபடம்

பீமின் படத்துக்கு நேர்கீழே ஒரு பூச்சியக் கோடு கீறுங்கள். A, டேங்க், B மூன்றிலிருந்தும் நிலைக்குத்தாக மெல்லிய கோடுகளைக் கீழே இறக்குங்கள். கொய்வு விசை, வளைவுத் திருப்பம் இரண்டும் பீமோடு ஒரே அளவிடையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வர வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் வரைந்தால் அவற்றுக்கிடையேயான உறவு தெரியாமல் போய்விடும்.

இனி இடமிருந்து வலமாக பீமின் மேல் நடந்து போகிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மேல்நோக்கிய விசை வந்தால் வரைபு மேலே பாயும். கீழ்நோக்கிய புள்ளிச் சுமை வந்தால் கீழே விழும். பரவிய சுமையின் மேல் நடக்கும்போது ஒவ்வொரு மீற்றருக்கும் 8 வீதம் ஒரே சரிவில் இறங்கும். சுமை இல்லாத இடத்தில் சமமாகப் போகும். நமது பீமில் அப்படி இடம் இல்லை.

A இல் பூச்சியத்திலிருந்து 33 க்குப் பாய்கிறோம். 1.5 மீற்றர் நடந்ததும் 8 × 1.5 = 12 இறங்கி 21 இல் நிற்கிறோம். அந்த இடத்தில் டேங்க் 12 ஐக் கீழே தள்ள, 21 இலிருந்து 9 க்கு விழுகிறோம். டேங்கின் இடத்தில் கொய்வு விசை எவ்வளவு என்று கேட்டால் ஒரே விடை இல்லை. சற்று இடப்பக்கம் 21, சற்று வலப்பக்கம் 9. வரைபில் அது ஒரு நிலைக்குத்துக் கோடு.

மீதி 4.5 மீற்றருக்கு 8 × 4.5 = 36 இறங்க, 9 − 36 = −27. B இல் மறுதாக்கம் 27 மேலே தூக்க, பூச்சியத்துக்குத் திரும்புகிறோம். வரைபு B இல் சரியாக மூடவில்லை என்றால் நின்று பிழையைத் தேடுங்கள். அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

நான்காம் படி: பூச்சியம் எங்கே

வழிகாட்டியின் மையமே இதுதான், மெதுவாகப் பார்ப்போம்.

டேங்கைத் தாண்டியதும் கொய்வு விசை +9. B க்கு வரும்போது −27. இடையில் எங்கோ பூச்சியத்தைக் கடந்திருக்கிறது. மீற்றருக்கு 8 வீதம் இறங்குவதால் 9 தீர்ந்துபோக எவ்வளவு தூரம் வேண்டும்? 9 ஐ 8 ஆல் பிரித்தால் 1.125 மீற்றர். ஆகவே A இலிருந்து 1.5 + 1.125 = 2.625 மீற்றரில் கொய்வு விசை பூச்சியம்.

ஏன் இந்தப் புள்ளியைத் தேடி அலைகிறோம்? கொய்வு விசைக்கும் வளைவுத் திருப்பத்துக்கும் இடையே ஒரு உறவு இருக்கிறது. பீமில் மிகச் சிறிய ஒரு துண்டை எடுத்து அதன் சமநிலையைப் பார்த்தால், அந்தத் துண்டைக் கடக்கும்போது திருப்பம் எவ்வளவு கூடுகிறது என்பது அங்கே உள்ள கொய்வு விசையைத் துண்டின் நீளத்தால் பெருக்கியதற்குச் சமம் என்று வரும். கொய்வு விசையை V, வளைவுத் திருப்பத்தை M, மீற்றருக்கான பரவிய சுமையை w, A இலிருந்து உள்ள தூரத்தை x என்று எழுதுவோம். அதாவது:

```
dM/dx = V
dV/dx = -w
```

திருப்ப வரைபின் படித்திறனே கொய்வு விசை. கொய்வு விசை நேராக இருக்கும் வரை திருப்பம் ஏறிக்கொண்டே போகும். மறையானதும் இறங்கத் தொடங்கும். ஏற்றம் இறக்கமாக மாறும் உச்சியில்தான் கொய்வு விசை பூச்சியத்தைக் கடக்கிறது.

டேங்குக்குக் கீழே என்ன நடந்தது என்று மறுபடி பாருங்கள். கொய்வு விசை 21 இலிருந்து 9 க்குத்தான் விழுந்தது, குறி மாறவில்லை. ஆகவே டேங்கைத் தாண்டிய பிறகும் திருப்பம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, முன்பைவிட மெதுவாக. "டேங்குக்குக் கீழதான் சேர்" என்ற பதில் ஏன் பிழை என்பதற்குக் காரணம் இந்த ஒரு வரிதான். புள்ளிச் சுமையின் கீழே உச்சம் வர வேண்டுமானால், அந்தச் சுமையே கொய்வு விசையை நேரிலிருந்து மறைக்கு இழுத்துச் செல்ல வேண்டும். இந்த டேங்குக்கு அவ்வளவு நிறையும் இல்லை, அது நிற்கும் இடமும் அதற்கு உதவவில்லை.

ஐந்தாம் படி: வளைவுத் திருப்பம், பரப்பளவால்

படித்திறன் கொய்வு விசை என்றால், இரண்டு இடங்களுக்கிடையே திருப்பம் கூடிய அளவு அந்த இடைவெளியில் கொய்வு விசை வரைபின் பரப்பளவு. ஆகவே வரைந்த படத்தின் பரப்பளவுகளைக் கூட்டிக்கொண்டு போனால் போதும்.

A இலிருந்து டேங்க் வரை படம் ஒரு சரிவகம். சமாந்தரப் பக்கங்கள் 33 உம் 21 உம், அகலம் 1.5. பரப்பளவு (33 + 21) ÷ 2 × 1.5 = 40.5. A இல் திருப்பம் பூச்சியம் என்பதால் டேங்குக்குக் கீழே திருப்பம் 40.5 கிலோநியூற்றன் மீற்றர்.

அடுத்தது ஒரு முக்கோணம்: உயரம் 9, அடி 1.125. பரப்பளவு 5.0625. கூட்டினால் 45.5625. இதுதான் உச்சம், ஏறத்தாழ 45.6 கிலோநியூற்றன் மீற்றர், A இலிருந்து 2.625 மீற்றரில்.

கடைசி முக்கோணம் பூச்சியக் கோட்டுக்குக் கீழே: உயரம் 27, அடி 6 − 2.625 = 3.375. பரப்பளவு 45.5625, மறைக்குறியோடு. ஏறியது முழுவதும் இறங்கி, B இல் திருப்பம் சரியாகப் பூச்சியம். முனை சுழலத் தடையில்லை என்று முதல் படியில் சொன்ன நிபந்தனை தானாகவே நிறைவேறுகிறது.

பரப்பளவு முறையில் நம்பிக்கை வராதவர்கள் உச்ச இடத்தில் பீமை அறுத்து, இடப்பக்கத் துண்டுக்கு மட்டும் திருப்பம் எடுத்துப் பாருங்கள்:

```
M = 33 × 2.625 − 12 × 1.125 − 8 × 2.625 × 2.625/2
  = 86.625 − 13.5 − 27.5625
  = 45.5625 kNm
```

அதே எண். கடைசி உறுப்பில் 2.625 இரண்டு தரம் வருவதைக் கவனியுங்கள். ஒன்று அந்தத் துண்டின் மேல் இருக்கும் சுமையின் நீளம். மற்றது இரண்டால் பிரிக்கப்பட்டு, அந்தச் சுமையின் மையம் வெட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைச் சொல்கிறது. இந்த இரண்டால் பிரித்தலை விட்டுவிடும் பிழையை நான் விடைத்தாள்களில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

வரைய வேண்டிய எண்களை ஒரே இடத்தில் தருகிறேன்:

```
x (m)    V (kN)       M (kNm)
0        +33          0
1.5      +21 / +9     40.50
2.625    0            45.56
3        −3           45.00
6        −27          0
```

ஆறாம் படி: வளைவின் வடிவம்

புள்ளிகளைக் குறித்தபின் அவற்றை அடிமட்டத்தால் நேர்கோடாக இணைப்பது அடுத்த பொறி. கொய்வு விசை சரிவாக இருக்கும் இடத்தில் திருப்பம் பரவளைவாக இருக்கும். கொய்வு விசை சமமாகப் போகும் இடத்தில் மட்டுமே திருப்பம் நேர்கோடு. நமது பீமின் முழு நீளத்திலும் பரவிய சுமை இருப்பதால், நமது படத்தில் எங்கும் நேர்கோடு வரக்கூடாது.

வளைவு எந்தப் பக்கம் உப்பும் என்ற சந்தேகத்தை இப்படித் தீருங்கள். A இலிருந்து புறப்படும்போது படித்திறன் 33, டேங்குக்கு வரும்போது 21. ஏற்றம் செங்குத்தாகத் தொடங்கிப் போகப் போகத் தணிகிறது. அப்படியென்றால் வளைவு மேல்நோக்கி உப்பியிருக்கும். டேங்கின் இடத்தில் படித்திறன் 21 இலிருந்து 9 க்குத் திடீரென்று மாறுவதால் அங்கே ஒரு முறிவு தெரிய வேண்டும். 2.625 இல் படித்திறன் பூச்சியம், ஆகவே உச்சியில் கூர் இருக்காது, உருண்டையாக இருக்கும். அதன் பிறகு இறக்கம் மெல்லத் தொடங்கி B இல் 27 என்ற படித்திறனோடு செங்குத்தாக விழுகிறது.

டேங்கில் முறிவும் உச்சியில் உருண்டையும் ஆக வரைந்த படத்தைப் பார்த்தாலே வரைந்தவர் உறவைப் புரிந்துகொண்டாரா என்று தெரிந்துவிடும்.

பிழைக்கும் இடங்கள் இரண்டு

"மட்டும்" என்று சொல்லி வைத்த இடத்துக்கு இப்போது வருவோம். 48 கிலோநியூற்றனை நடுவில் ஒரே விசையாக வைத்து மறுதாக்கம் கண்டோம். அதை அழிக்காமல் அப்படியே வரைபடத்துக்கும் கொண்டு போனால் என்ன ஆகும்? கொய்வு விசை 1.5 மீற்றர் வரை 33, நடுவரை 21, பிறகு −27 என்று படிக்கட்டாக வரும். அது B இல் அழகாக மூடும்! திருப்பமும் B இல் பூச்சியத்துக்கு வரும். ஆனால் நடுவில் திருப்பம் 27 × 3 = 81 என்று காட்டும். உண்மை 45. எல்லாச் சரிபார்ப்பும் சரியாக வந்தும் விடை ஏறத்தாழ இரண்டு மடங்கு பிழை. மூடுகிறதா என்று பார்ப்பது மறுதாக்கத்தைத்தான் சோதிக்கும், சுமையின் பரவலை அது சோதிக்காது. இந்தப் பிழையைக் காட்டிக்கொடுப்பது வடிவம் மட்டுமே: பரவிய சுமை இருந்தும் கொய்வு விசை படிக்கட்டாக வந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

முழு பீமையும் பார்க்கும்போது மட்டும் 48 ஐ ஒரே விசையாக வைக்கலாம். பீமை எங்காவது அறுத்துவிட்டால், வெட்டின் ஒரு பக்கத்தில் இருக்கும் சுமையை மட்டும் எடுத்து, அந்தத் துண்டின் நடுவில் வைக்க வேண்டும். மேலே 2.625 மீற்றரில் செய்தது அதைத்தான்.

இரண்டாவது பிழையைச் சூத்திரம் பாடமாக்கியவர்கள் செய்வார்கள். பீமின் நீளம் L, டேங்கின் சுமை W, அது A இலிருந்தும் B இலிருந்தும் நிற்கும் தூரங்கள் a, b என்று வையுங்கள். பரவிய சுமைக்கு wL²/8 = 36, புள்ளிச் சுமைக்கு Wab/L = 13.5, கூட்டினால் 49.5 என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இரண்டு சூத்திரமும் சரி, கூட்டியதுதான் பிழை. 36 என்பது நடுவில் வரும் உச்சம், 13.5 என்பது டேங்கின் கீழே வரும் உச்சம். வெவ்வேறு இடத்து உச்சங்களைக் கூட்டக்கூடாது. ஒரே இடத்தின் திருப்பங்களைக் கூட்டினால் சரி: டேங்கின் இடத்தில் பரவிய சுமையால் 27, டேங்கால் 13.5, ஆக 40.5. நமது பரப்பளவு தந்த அதே எண்.

படம் சொல்வதும் வீட்டில் இருப்பதும்

காரைதீவில் ஒரு வீட்டு வேலையில் நின்றபோது மேசன் அண்ணன் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, வளையக் கம்பிய ஏன் சுவர்ப் பக்கம் நெருக்கிக் கட்டச் சொல்றாங்க? வளையிறது நடுவிலதானே?" கேள்வி மிகச் சரியானது. வளைவதற்காகக் கட்டும் கம்பி பீமின் நீளவாக்கில் கீழ்ப்பக்கம் போகிறது, உச்சத் திருப்பம் இருக்கும் நடுப்பகுதியில் அதுதான் முக்கியம். சுற்றிக் கட்டும் வளையக் கம்பி கொய்வுக்கு. கொய்வு விசை நமது படத்தில் A இல் 33, B இல் 27, நடுவுக்குக் கிட்டப் பூச்சியம். அவர் கைக்கம்பியால் மணலில் அந்தப் படத்தைக் கீறிக் காட்டினேன். தாங்கிக்குக் கிட்ட ஏற்படும் வெடிப்பு சாய்வாக ஓடும், நடுவில் ஏற்படும் வெடிப்பு கீழிருந்து நேர்மேலே ஏறும் என்று அவரே தன் அனுபவத்தில் கண்டதைச் சொன்னார். முதலாவது கொய்வின் தடயம், இரண்டாவது வளைவின் தடயம்.

நமது படத்துக்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது தாங்கி. பீமின் முனை கல் சுவரின் மேல் சும்மா அமர்ந்திருந்தால் எளிமையாகத் தாங்கப்பட்டது என்ற எடுகோள் நன்றாகப் பொருந்தும். தூணோடு சேர்த்துக் கம்பி பிணைத்து ஒரே வார்ப்பாக வார்த்திருந்தால் முனை சுதந்திரமாகச் சுழலாது. அங்கே பீம் மேல்பக்கம் இழுபடும், திருப்பம் மறையாகும், நடுவில் உள்ள உச்சம் நாம் கண்டதைவிடக் குறையும். அப்படிப்பட்ட முனையில் மேல்பக்கம் கம்பி இல்லையென்றால் மேலே வெடிப்பு வரும். நமது வரைபடம் அதை எச்சரிக்காது, ஏனெனில் முனையில் திருப்பம் பூச்சியம் என்று நாமே சொல்லித்தான் தொடங்கினோம்.

இரண்டாவது புள்ளிச் சுமை. டேங்க் ஊசிமுனையில் நிற்பதில்லை. அதன் மேடை பீமின் நீளவாக்கில் 1 மீற்றருக்குப் பரவியிருக்கிறது என்று வைப்போம், 1 இலிருந்து 2 மீற்றர் வரை. அப்போது நிலைக்குத்தாக விழுந்த 12, அந்த ஒரு மீற்றருக்குள் சரிவாக இறங்கும். டேங்கின் மையத்துக்குக் கீழே திருப்பம் 40.5 இலிருந்து 39 ஆகக் குறையும், முறிவும் மறைந்துவிடும். ஆனால் 2.625 இல் உள்ள உச்சம் அசையாது, அதே 45.56. காரணம், அந்த வெட்டிலிருந்து பார்க்கும்போது மேடை முழுவதும் இடப்பக்கமே இருக்கிறது, அதன் மையமும் மாறவில்லை. உச்சம் மேடைக்கு வெளியே இருக்கும்வரை புள்ளிச் சுமை என்ற எடுகோள் உச்சத்தின் அளவில் எந்தப் பிழையையும் உண்டாக்காது.

டேங்கை நகர்த்திப் பார்ப்பது

அப்படியானால் டேங்குக்குக் கீழே உச்சம் எப்போதுமே வராதா? வரும். டேங்க் A இலிருந்து a மீற்றரில் நிற்கிறது என்று வைத்து, அதே படிகளைச் செய்யுங்கள். மறுதாக்கம் RA = 36 − 2a. டேங்குக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் கொய்வு விசை:

```
முன்: 36 − 10a
பின்: 24 − 10a
```

டேங்கின் கீழே குறி மாற வேண்டுமானால் முதலாவது நேராகவும் இரண்டாவது மறையாகவும் இருக்க வேண்டும். அது a 2.4 க்கும் 3.6 க்கும் இடையில் இருந்தால் மட்டுமே நடக்கும். நடுவைச் சுற்றிய அந்த 1.2 மீற்றருக்குள் டேங்க் நின்றால் உச்சம் அதன் கீழேயே, கூரான முறிவோடு வரும். சரியாக நடுவில் வைத்தால் 36 + 18 = 54; இப்போது இரண்டு உச்சமும் ஒரே இடத்தில் இருப்பதால் கூட்டுவது சரி. அந்த எல்லைக்கு வெளியே டேங்க் எங்கே நின்றாலும் உச்சம் டேங்கை விட்டு நடுப்பக்கமாக நகர்ந்துவிடும்.

நீங்களே செய்து பார்க்க ஒன்று: அதே டேங்கை B இலிருந்து 1 மீற்றரில், அதாவது a = 5 இல் வையுங்கள். படம் மூன்றையும் வரைந்த பிறகு இவற்றோடு ஒப்பிடுங்கள்: RA = 26, RB = 34; கொய்வு விசை பூச்சியமாவது A இலிருந்து 3.25 மீற்றரில், உச்சத் திருப்பம் 42.25, டேங்கின் கீழே 30. டேங்கின் இடத்தில் கொய்வு விசை −14 இலிருந்து −26 க்கு விழ வேண்டும். அங்கே +14 என்று எழுதியிருந்தால், B இலிருந்து எண்ணத் தொடங்கிக் குறியை மாற்ற மறந்திருக்கிறீர்கள்.